ஆச்சியின் கார்டும் மாப்பிள்ளை மரியாதையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடிதத்தின் தலையும் காலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை நான் எங்கள் ஆச்சியிடம் கற்றேன். வீரவநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். எழுதத் தெரியாத ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 15 பைசா கார்டு. கார்டு என்றால் தபால்காரர் முதல் பக்கத்து வீடு வரை வாசித்துவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு சொல்லும் சபையில் பேசிய மாதிரிதான்.

ஒருநாள் பம்பாயில் இருந்த மாமாவுக்கு, அதாவது ஆச்சியின் மாப்பிள்ளைக்கு, கடிதம். எழுதி முடித்து, பள்ளிக்கூட லீவு லெட்டரில் பழகிய கையால் அடியில் இப்படிப் போட்டேன்: 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாமியார்.' ஆச்சி வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டதும், "ஏலே, நான் என்ன அவர்ட்ட சம்பளத்துக்கா இருக்கேன்?" என்றாள்.

சரி, 'ஆசீர்வாதத்துடன்' என்று மாற்றட்டுமா என்றேன். அதுவும் ஆகாதாம். ஆசீர்வாதம் மேலிருந்து கீழே இறங்குவது. பேரனுக்கு 'சிரஞ்சீவி' என்று தொடங்கினால் 'ஆசீர்வாதம்' என்று முடிக்கலாம். மாப்பிள்ளையோ வயதில் இளையவர், முறையில் பெரியவர். வயது ஒரு பக்கம் இழுக்கும், முறை இன்னொரு பக்கம் இழுக்கும்.

ஆச்சி கண்ட வழியைக் கேளுங்கள். தொடக்கம், 'மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை எழுதிக்கொள்வது.' அடுத்து, 'இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல்.' பாருங்கள், 'உன் நலம்', 'தங்கள் நலம்' இரண்டுமே இல்லை. 'அவ்விடம்' அந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. நடுவில், 'பொங்கலுக்கு அவசியம் வரவும்.' 'வா' என்றால் குறைவு, 'வாருங்கள்' என்றால் ஆச்சிக்கு வாயில் வராது. 'வரவும்' என்ற வினைக்கு மேலோர் கீழோர் கிடையாது. முடிவு, 'இப்படிக்கு, நலம் விரும்பும் அத்தை.' அன்பும் உண்டு, பணிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதே கார்டில் மகளுக்கு ஒரு வரி: 'நீ உடம்பைப் பார்த்துக்கொள்.' அங்கே மட்டும் 'நீ'. அந்த 'நீ' மாப்பிள்ளையின் வரியோடு ஒட்டிவிடாமல் தனி வரியாக எழுதச் சொன்னாள்.

திரும்பவும் சொல்கிறேன், தலையில் வைத்த மரியாதை கால் வரை வர வேண்டும். 'மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு' என்று தொடங்கி, நடுவில் 'பணம் அனுப்பு' என்று இறங்கி, 'தங்கள் அன்பு மகன்' என்று முடிக்கிற கடிதங்கள் எனக்கே வந்திருக்கின்றன. எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், எங்கே சறுக்கியது என்று தெரிந்துவிடும்.

அலுவலக மனுவைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 'ஐயா' என்று தொடங்கினால் 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தால் போதும். அதிகாரி பெண்ணாக இருந்தால் 'அம்மா' என்று எழுத மறந்துவிடாதீர்கள், பழைய மனுவைப் பார்த்து எழுதுகிறவர்கள் அங்கேதான்... சரி, நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.