ஜெம் கிளிப் சோதனை: சுழலும் விசிறி எதைச் சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மேசைக் கணினி உயிர் பெற மறுக்கும்போது, எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கும் மின்வழங்கிப் பெட்டியைக் கேபினெட்டிலிருந்து கழற்றி, அதன் பெரிய கனெக்டரில் வளைத்த ஜெம் கிளிப் ஒன்றைச் செருகிப் பார்க்கும் வழக்கம் பழுதுபார்க்கும் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக இருக்கிறது. விசிறி சுழன்றால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, சுழலாவிட்டால் கெட்டுவிட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளும் தவறாகப் போகக்கூடியவை. அதனால் நல்ல மதர்போர்டுகள் தூக்கி எறியப்படுவதும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் பழைய இரும்புக்குப் போவதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன. ஆகவே இந்தச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், கிளிப் என்ன செய்கிறது? ஏடிஎக்ஸ் வகை எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைச் சுவரில் செருகிப் பின்புறப் பொத்தானை இயக்கியவுடன், அதற்குள் இருக்கும் சிறிய துணைச் சுற்று ஒன்று மட்டும் விழித்துக்கொண்டு ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் கொடுக்கத் தொடங்குகிறது. பெரிய சுற்று உறங்கியபடியே இருக்கும். பச்சை நிறக் கம்பியில் உள்ள மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு அருகே இறக்கப்பட்டால்தான் அது எழும். கேபினெட்டின் பொத்தானை நீங்கள் அழுத்தும்போது மதர்போர்டு செய்வது இதைத்தான்: பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியின் நிலைக்கு இறக்குகிறது. கிளிப் அதே வேலையை மதர்போர்டு இல்லாமல் செய்கிறது. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஆகவே சரியான துளைகளில் செருகினால் ஆபத்தில்லை. தவறான துளையில், எடுத்துக்காட்டாக ஊதாவிலோ மஞ்சளிலோ செருகினால், அது நேரடியான குறுக்கிணைப்பு ஆகிவிடும்.

24 துளை கனெக்டரில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 16ஆவது துளை. அதன் இரு பக்கத்திலும் கறுப்புக் கம்பிகள் இருக்கும், எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருப்பதால் துளையை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனெக்டரில் கம்பி இல்லாமல் காலியாக விடப்பட்ட துளை ஒன்று உண்டு, அது 20ஆவது. அதே வரிசையில், அதிகத் துளைகள் உள்ள பக்கமாக எண்ணிக்கொண்டு போனால், மூன்று கறுப்புகளுக்கு அடுத்து வரும் நான்காவது துளைதான் பச்சைக்கு உரியது. பிராண்ட் நிறுவனங்களின் சில கணினிகளில் கனெக்டரே வேறு அமைப்பில் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கிளிப்பைச் செருகும்போது சுவரிலிருந்து வயர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தகர உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது.

சரி, கிளிப் செருகியாயிற்று, மின்சாரம் கொடுத்தாயிற்று, விசிறி சுழல்கிறது. இதிலிருந்து நமக்கு உறுதியாகத் தெரிவது என்ன? சுவரிலிருந்து வரும் மின்சாரம் உள்ளே நுழைகிறது. உள் ஃபியூஸ் போகவில்லை. துணைச் சுற்று பச்சைக் கம்பியின் கட்டளையைக் கேட்கும் அளவுக்காவது உயிரோடு இருக்கிறது. பெரிய சுற்று எழுந்து, விசிறிக்கு ஊட்டமளிக்கும் 12 வோல்ட் பாதையில் ஏதோ ஓர் அழுத்தத்தைக் கொடுக்கிறது. இவ்வளவுதான். இது சிறிய செய்தி அன்று. முற்றிலும் செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸை இது பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் ‘ஏதோ ஓர் அழுத்தம்’ என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். 12 வோல்ட் விசிறி 12 வோல்ட் கிடைத்தால்தான் சுழலும் என்பதில்லை. அதில் பாதி அழுத்தத்திலேயே பெரும்பாலான விசிறிகள் சுழலத் தொடங்கிவிடும். மேலும் விசிறி எடுத்துக்கொள்வது இரண்டு மூன்று வாட்தான். 450 வாட் என்று எழுதப்பட்ட பெட்டியை இரண்டு மூன்று வாட்டில் சோதிப்பது, ஊர்மக்களை ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டிய பேருந்தைப் பணிமனைக்குள் காலியாக உருட்டிப் பார்ப்பதற்குச் சமம். சிவப்புக் கம்பியின் 5 வோல்ட், ஆரஞ்சுக் கம்பியின் 3.3 வோல்ட் ஆகியவற்றைப் பற்றி விசிறி ஒன்றுமே சொல்வதில்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு கம்பி இருக்கிறது. அது 8ஆவது துளையில் வரும் சாம்பல் நிறக் கம்பி. மின்னழுத்தங்கள் எல்லாம் உரிய அளவுக்கு ஏறி நிலைபெற்றுவிட்டன என்று எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை நொடிக்குள் இந்தக் கம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட் அனுப்பும். அந்தச் செய்தி வந்துசேரும் வரை மதர்போர்டு பிராசஸரை ரீசெட் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். சாம்பல் கம்பி எழாவிட்டால், கேபினெட்டின் விசிறிகள் எல்லாம் சுழலும், விளக்குகள் எரியும், ஆனால் திரையில் ஒன்றும் வராது, பீப் ஒலியும் கேட்காது.

நான் பார்த்த ஒரு கணினியின் கதை இதுதான். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழன்றன, டிஸ்ப்ளே வரவில்லை. உரிமையாளர் தாமே கிளிப் சோதனை செய்து, விசிறி சுழன்றதைப் பார்த்து, பழுது மதர்போர்டில்தான் என்று முடிவு செய்து, புதிய போர்டுக்கு விலை கேட்கத் தொடங்கியிருந்தார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிளிப் செருகுவதற்கு முன்பே ஊதாவில் 5 வோல்டுக்குச் சற்று மேல் இருந்தது. பச்சையிலும் அழுத்தம் இருந்தது. ஆகவே துணைச் சுற்று சரி. கிளிப் செருகியபின் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று எல்லாமே ஒழுங்காக இருந்தன. இந்த மூன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட வரம்பு ஐந்து சதவீதம் கூடுதல் அல்லது குறைவு. 12 வோல்டுக்கு அது 11.4 முதல் 12.6 வரை. ஆனால் சாம்பல் கம்பியில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. பழைய வகை எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, குறைந்தபட்சச் சுமை இல்லாவிட்டால் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. அதனால் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மின்கம்பியில் மாட்டி, அது சுழலும் நிலையில் மீண்டும் அளந்தோம். சாம்பல் கம்பி அப்போதும் எழவில்லை. வேறொரு கணினியில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டியதும் அதே மதர்போர்டில் டிஸ்ப்ளே வந்துவிட்டது. விசிறியை மட்டும் நம்பியிருந்தால், குற்றமற்ற போர்டு ஒன்று அன்று மாற்றப்பட்டிருக்கும். புதிய போர்டிலும் டிஸ்ப்ளே வந்திருக்காது.

சாம்பல் கம்பி 5 வோல்ட் காட்டினால் மட்டும் நிம்மதி அடைந்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. மிக மலிவான சில எஸ்.எம்.பி.எஸ்.களில் இந்தச் சுயசோதனை ஒப்புக்குத்தான் இருக்கும். அழுத்தங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமலேயே கம்பி எழுந்துவிடும். ஆகவே சுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு தொடங்கியவுடன் அணைந்துவிடும் கணினிகளின் எஸ்.எம்.பி.எஸ்.கள், சுமையில்லாத மேசையில் குறையே காட்டாதிருக்கலாம். எளிய சுமையாக 12 வோல்ட் வாகன பல்புகள் உதவுகின்றன. டிஸ்க் டிரைவுக்குப் போகும் நான்கு முனை கனெக்டரின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே முதலில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அது தாங்கினால் 55 வாட் ஹெட்லைட் பல்பு. அது நான்கரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பல்பு மிகவும் சூடாகும் என்பதால் அதை வெறும் தரையோட்டின் மீது வைத்துச் சில நிமிடங்கள் மட்டும் எரிய விட்டு, மஞ்சளின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பல்பு எரியும்போது அழுத்தம் 11.4க்குக் கீழே இறங்கினால் அந்த எஸ்.எம்.பி.எஸ். கணினிக்கு உதவாது. ஒரு எச்சரிக்கை: பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது பல மடங்கு கூடுதலாக மின்னோட்டம் இழுக்கும். ஆகவே பல்பை மாட்டியவுடன் எஸ்.எம்.பி.எஸ். அணைந்தால், அதன் பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்திருக்கலாம். வயரைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு, மீண்டும் பாருங்கள்.

பல்பிலும் தேறிவிட்டால்? அப்போதும் சொல்ல முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. உள்ளே கெப்பாசிட்டர்கள் வயதாகித் தளரும்போது, 12 வோல்டின் மீது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் அலைவு கூடிவிடும். 12 வோல்ட் பாதையில் 120 மில்லிவோல்ட் வரை, 5 மற்றும் 3.3 வோல்ட் பாதைகளில் 50 மில்லிவோல்ட் வரைதான் இந்த அலைவுக்கு அனுமதி. மல்டிமீட்டரின் டிசி அளவு சராசரியை மட்டும் காட்டுவதால் இது அதன் கண்ணில் படாது. இதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள், காரணமின்றி நின்றுபோகும் கணினியில் நல்லதென்று தெரிந்த வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிச் சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பதே சரியான வழி.

இனி, விசிறி சுழலாத நிலையைப் பார்ப்போம். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தியே வைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.கள் இப்போது நிறைய வருகின்றன. கிளிப் சோதனையில் சுமையே இல்லாததால் அவற்றின் விசிறி அசையாது. அது அவற்றின் இயல்பு. சிலவற்றில் இந்த ஏற்பாட்டை நிறுத்துவதற்கென்று பின்புறம் தனிப் பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் மஞ்சளில் 12 வோல்ட் இருக்கிறதா என்று அளந்தால் போதும். விசிறி கால் சுற்று துள்ளி நின்றுவிட்டால், உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுப் பாதுகாப்புச் சுற்று அதை அணைத்திருக்கலாம், அல்லது பழைய வகைக்குச் சுமை போதாமல் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை மாட்டி மீண்டும் சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். விசிறியும் அசையாமல், மஞ்சளிலும் அழுத்தம் இல்லாமல், ஊதாவிலும் பூஜ்யம் காட்டினால், பின்புறப் பொத்தான் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சுவர்ப் பிளக்கையும் வயரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்த பின்பே அதைக் கெட்டது என்று ஒதுக்குங்கள்.

நன்றி, வணக்கம்.