எத்தனை மணிக்கு வலி தொடங்கியது?

(மூளை நரம்பு அறுவை மருத்துவர் ஒருவர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவலி பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தலைவலி வராத ஆள் இந்த அரங்கத்தில் இருக்க முடியாது. அதனால் எல்லாத் தலைவலியையும் இழுத்துப் பேசி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. ஒரே ஒரு தலைவலியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. மூளைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் வெடித்து வருகிற தலைவலி அது.

அடையாளம் மாறிப்போகும்படி சில விவரங்களை மாற்றி, ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. காலையில் ஆறேகால் மணி இருக்கும், கிரைண்டர் கல்லைத் தூக்கி இறக்கியிருக்கிறார். அந்த நொடியில் பின்மண்டையில் இடி விழுந்த மாதிரி வலி. "யாரோ கட்டையால அடிச்சிட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தேன் டாக்டர்" என்றார் என்னிடம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். பித்தம் என்று வீட்டில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் பிரஷர் பார்த்தால் 180-க்கு 100. பிரஷர் தலைவலி என்று ஒரு மாத்திரை, வலிக்கு ஓர் ஊசி. ஊசி போட்டதும் வலி பாதியாகக் குறைந்தது. குறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். பிரஷர் கூடியதால் தலை வலித்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நடந்தது தலைகீழ். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தால் உடம்பு தானாகவே பிரஷரை ஏற்றிவிடும். அந்த எண்ணைப் பார்த்துக் காரணம் அதுதான் என்று நினைப்பது வெகு சுலபம். சிலருக்கு இசிஜியிலும் மாற்றம் தெரியும். அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போலாகிவிடும்.

நம் பெண்மணிக்கு வருவோம். அடுத்த இரண்டு நாளும் தலைவலி லேசாக இருந்துகொண்டே இருந்தது. கழுத்தை முன்னால் குனிய முடியவில்லை, முதுகு வலித்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தைலம் தேய்த்தார்கள். நான்காம் நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிய மகள்தான், "அம்மா, உன் ஒரு கண்ணு சின்னதா இருக்கு" என்றிருக்கிறாள். இடது இமை கீழே தொங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கண்ணின் கருமணியும் மற்றதைவிட விரிந்திருந்தது. அப்போதுதான் எங்களிடம் வந்தார்கள்.

உடனே சிடி ஸ்கேன் எடுத்தோம். ரத்தக் கசிவு எதுவும் தெரியவில்லை. குடும்பத்தார் பெருமூச்சு விட்டார்கள். நாங்கள் விடவில்லை.

ஏன் என்று சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் பெரிய ரத்தக்குழாய்கள் வட்டமாகச் சேர்ந்து, அங்கிருந்து கிளை பிரிகின்றன. பிரியும் கவட்டையில் சுவர் மெலிந்து ஒரு சிறு குமிழ் புடைப்பதுண்டு. அதைத்தான் அனியூரிசம் என்கிறோம். பெரியவர்களில் நூறில் மூன்று பேருக்கு இது இருக்கலாம், பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆவதில்லை. புகைபிடிப்பதும் கட்டுப்பாடில்லாத பிரஷரும் வெடிக்கும் அபாயத்தைக் கூட்டுகின்றன. வெடித்தால், தமனியின் முழு அழுத்தத்தோடு ரத்தம் மூளையைச் சுற்றியிருக்கும் நீருக்குள் பீறிடும். மண்டையோடு விரியாது, உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறும். சிலர் அங்கேயே மயங்கி விழுவதற்கு அதுதான் காரணம். நூறில் பத்துப் பதினைந்து பேர் மருத்துவமனை வாசலையே பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு ஓட்டையில் ஒரு ரத்தக்கட்டி உறைந்து, கசிவு தற்காலிகமாக நிற்கும்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். சாதாரண சிடியில் மூளைக்கு அடியில் நீர் தேங்கும் இடைவெளிகள் கறுப்பாகத் தெரியும். புது ரத்தம் வெள்ளை. ஆகவே கறுப்பாக இருக்க வேண்டிய இடம் நட்சத்திர வடிவில் வெளுத்திருந்தால் எங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த நீர் தேங்கிய குட்டை இல்லை. மொத்தம் 150 மில்லிதான், ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதிதாகச் சுரந்து பழையதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் மணிக்கு மணி கலைந்து, கரைந்து, வெளியேறிவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பாதிப் பேருக்கு ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும்.

கனடாவில் பதினொரு மருத்துவமனைகளில் 3,132 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. எல்லோரும் திடீர்த் தலைவலியோடு வந்தவர்கள். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில் 121 பேருக்கு ரத்தக் கசிவு இருந்தது. அத்தனை பேரையும் ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. ஆறு மணி நேரம் தாண்டி எடுத்தவர்களில், கசிவு இருந்த ஏழு பேருக்கு ஒருவர் வீதம் ஸ்கேனில் தப்பிவிட்டார்கள். புதிய தலைமுறைக் கருவியாக இருக்க வேண்டும், அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். இன்னொன்று, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்குப் புது ரத்தம்கூட அவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. நம் ஊரில் இதை மறந்துவிடக் கூடாது.

"எம்ஆர்ஐ பெரிய ஸ்கேன் ஆச்சே, அதையே எடுத்துடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே பெரியது சிறியது என்ற பேச்சில்லை. சிடி சில நிமிட வேலை, வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரையும் படுக்க வைத்து எடுத்துவிடலாம். முதலில் அதுதான்.

சரி, ஆறு மணி நேரம் போய்விட்டது, ஸ்கேன் சுத்தம், சந்தேகம் மட்டும் போகவில்லை. அப்போது முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்க்கிறோம். கலந்த ரத்தம் சிதைந்து, பித்த நிறமியான பிலிரூபினாக மாற ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் எடுத்தால், சிவப்பாக இருப்பது நோயா, ஊசி குத்தியதில் வந்த ரத்தமா என்று பிரிப்பது கடினம். பன்னிரண்டு மணி நேரம் கடந்தபின் எடுத்து, குழாயைச் சுழற்றித் தெளியவைத்தால், ஊசி ரத்தம் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். பழைய கசிவு என்றால் மேல்நீரே மஞ்சளாக நிற்கும். இரண்டு வாரம் வரைக்கும் அந்த மஞ்சளைப் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் நிறமி சிதையும் என்பதால் குழாயைக் காகிதத்தில் சுற்றித்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

அந்தப் பெண்மணியின் குழாயை வெள்ளைத் தாள் ஒன்றின் முன்னால் பிடித்தேன். வெளிறிய எலுமிச்சை நிறம். கணவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, சோதனைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் கையில் சாய ஊசி போட்டு, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தோம். கண்ணை அசைத்து இமையைத் தூக்கும் நரம்பை உரசிக்கொண்டு செல்லும் ஒரு குழாயில் ஆறு மில்லிமீட்டர் குமிழ். அது அந்த நரம்பை அழுத்தியதால்தான் இமை தொங்கியது.

நாலு நாள் தாண்டியும் நன்றாகத்தானே இருந்தார், அப்படி என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறைந்த கட்டி இறுகிப் பிடித்த ஆணி கிடையாது, கரையக்கூடியது. அது கரைந்து மறுபடியும் பீறிடும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம், அதிலும் முதல் சில மணி நேரங்களில். இரண்டாம் முறை வெடித்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. இந்தப் பெண்மணி அந்த நேரங்களைத் தாண்டியது அதிர்ஷ்டம். காலை எட்டு மணிக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் முதுகு ஊசியே தேவைப்பட்டிருக்காது. அந்த நரம்புக்கும் இந்தக் கதி வந்திருக்காது.

அவருக்குத் தொடையிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தி, குமிழுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை அடைத்தோம். மண்டையைத் திறந்து கிளிப் போடும் வழியும் உண்டு, குமிழின் வடிவத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். இரண்டில் எது முடிந்த பின்னும் வேலை தீர்வதில்லை. கசிந்த ரத்தம் எரிச்சலூட்டி, நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடலாம். அதனால் மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடந்து கை கால் விழலாம். அதைக் குறைக்க நிமோடிபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 21 நாள். இரவு இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், நர்ஸ்களுக்கு இதில் நோயாளிகளிடம் நிறையத் திட்டு. இவருடைய இமை சில மாதங்களில் மேலேறியது, முழுவதும் பழைய நிலைக்கு வரவில்லை.

நாளையிலிருந்து தலை வலித்தவர்கள் எல்லாம் சிடி எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். நான் சொல்லும் வலி, தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். ஒற்றைத் தலைவலி அப்படி ஏறாது, அரை மணி, ஒரு மணி என்று ஊர்ந்து ஏறும். இப்படி நொடியில் வந்தவர்களிலும் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் குமிழ் வெடித்திருக்கும். மூளையின் சிரையில் ரத்தம் உறைவது, குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்குவது என்று வேறு காரணங்களும் உண்டு. பிரசவமான சில நாட்களில் திடீரென்று இப்படி வந்தால் சிரையில் உறைவு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனால் வெளியே நின்று இவற்றைப் பிரித்துச் சொல்ல எனக்கும் தெரியாது, ஸ்கேன் இல்லாமல் யாராலும் முடியாது. வலி ஊசியில் குறைந்தது என்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆபத்தான வலியும் மாத்திரைக்குக் குறையும்.

வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். சிடி வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். அவசரப் பிரிவில் "தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் உட்காரச் சொல்வார்கள். "காலை ஆறேகாலுக்கு, ஒரே நொடியில், வாழ்க்கையிலே இப்படி வந்ததே இல்லை" என்று சொல்லுங்கள். மயங்கி விழுந்தாரா, கழுத்து பிடித்ததா, பாரம் தூக்கும்போதோ முக்கும்போதோ வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கப்போவதும் இவைதான்.

அந்தப் பெண்மணியின் தங்கை என்னிடம் கேட்டார், "எனக்கும் இருக்குமா டாக்டர், நானும் ஸ்கேன் எடுத்துக்கட்டுமா?" என்று. வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாக நாங்கள் ஸ்கேனுக்கு வற்புறுத்துவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இருந்தால், சாய ஊசி தேவைப்படாத எம்ஆர் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். அந்தத் தங்கைக்குப் பிரஷரை மட்டும் பார்த்தேன். 150-க்கு 96 இருந்தது, அவருக்கு அன்றுவரை தெரியாது. மறுவாரத்திலிருந்து மாத்திரை எடுக்கிறார்.