கயிறு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 24. என் பொறுப்பில் லேத் பிரிவில் 11 பேர். ஒரு ஷிப்டுக்கு ஆளுக்கு 40 ஷாப்ட் கடைய வேண்டும் என்பது கணக்கு. ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே 40 முடிந்துவிடும். உடனே மெஷினை நிறுத்திவிட்டு, வேஸ்ட் துணியை எடுத்து நிதானமாகத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் பின்னால் போய் நின்றாலும் 40, நிற்காவிட்டாலும் 40. வேலை செய்ய மனமில்லாதவர்கள் என்று முடிவு கட்டினேன். அளவு பார்க்கும் கேஜைப் பூட்டி வைத்துக் கேட்டால் மட்டும் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போவதற்குக்கூட நோட்டுப் போட்டேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோட்டுப் போட்ட பிறகு 40 என்பது 38 ஆனது. பிரிவிலேயே மூத்தவரான ஒரு கடைசல்காரரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “ஏனுங்க தம்பி, 48 போட்டா அடுத்த மாசம் 48தான் கணக்கு. அப்புறம் 55. அது எங்க போயி நிக்குமுங்க?” என்றார். நான் சோம்பல் என்று நினைத்தது அவர்கள் போட்டு வைத்திருந்த கணக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு கணக்கு 32-லிருந்து 40-க்கு ஏறியதை அவர்கள் யாரும் மறக்கவில்லை.

இந்த விஷயத்தை எனக்கு வெகுநாள் முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் டக்ளஸ் மெக்ரெகர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1957-ல் ஓர் உரையாகச் சொல்லி, 1960-ல் புத்தகமாக விரித்தார். ஒரு மேலாளர் என்ன செய்கிறார் என்பதற்குப் பின்னால், மனிதர்களைப் பற்றி அவர் மனத்தில் வைத்திருக்கும் ஓர் அனுமானம் இருக்கிறது என்றார். சராசரி மனிதனுக்கு வேலை பிடிக்காது, விட்டால் தப்பிப்பான், பொறுப்பை விரும்ப மாட்டான், யாராவது சொல்லிச் செய்வதையே விரும்புவான், ஆகவே மிரட்டியும் கண்காணித்தும்தான் வேலை வாங்க வேண்டும் என்பது ஓர் அனுமானம். அதற்கு எக்ஸ் கோட்பாடு என்று பெயர் வைத்தார். உழைப்பது விளையாட்டையும் ஓய்வையும் போல இயல்பானது, தனக்குப் பிடிப்புள்ள இலக்கு என்றால் மனிதன் தன்னைத் தானே நடத்திக்கொள்வான், சூழல் சரியாக இருந்தால் பொறுப்பைத் தேடியும் போவான் என்பது மற்றொன்று. அது ஒய் கோட்பாடு.

இதை “கண்டிப்பான மேனேஜர், நல்ல மேனேஜர்” என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் அதிகம். அது தவறு. மெக்ரெகர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: தட்டிக் கொடுத்து, சலுகை கொடுத்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டி வேலை வாங்குவதும் எக்ஸ்தான். உள்ளே இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான், இவனாக வேலை செய்ய மாட்டான் என்பது. ஒருவர் அடிக்கிறார், மற்றவர் மிட்டாய் கொடுக்கிறார்.

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது வேறு ஒன்று. சம்பளம், லீவு, பென்ஷன் என்று நாம் கொடுப்பதில் பெரும்பகுதியை ஒருவர் வேலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அனுபவிக்க முடியும். அப்படியென்றால் வேலை நேரம் முழுவதும் அவருக்கு அந்தச் சுகத்துக்காகக் கட்டும் அபராதமாகத்தானே தெரியும்? அப்புறம், வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நாமே குறை சொல்கிறோம். நாம் உண்டாக்கிய விளைவையே மனித இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். எக்ஸ் அனுமானம் தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அது தவறு என்று மேலாளருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

சரி, இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? அதே ஆட்களை வைத்துக்கொண்டு, நடத்தும் விதத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. 1982-ல் மூடினார்கள். மூடும் காலத்தில், எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். யூனியன் மூலம் வந்த புகார்கள் ஆயிரக்கணக்கில் தீராமல் கிடந்தன. சிலர் வேலை நேரத்தில் குடித்தார்கள். கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிட்டவர்களும் உண்டு. வாங்கியவருக்கு வண்டி ஓடும்போதெல்லாம் உள்ளே கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று தெரியாது. மேலிருந்து வந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: கார்கள் நகர்ந்தபடியே உருவாகும் அந்த லைன் நிற்கக் கூடாது. கண் முன்னால் தப்பான பாகம் போனாலும் போகட்டும், கடைசியில் வெளியே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே தொழிற்சாலையை நும்மி என்ற பெயரில் மீண்டும் திறந்தன. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். தொடக்கத்தில் எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆட்கள். யூனியனும் அதே யூனியன். ஆனால் வேலைக்கு வராதவர்கள் 3, 4 சதவீதமாகக் குறைந்தார்கள். செய்த கார்களின் தரம் ஜப்பானில் டொயோட்டா செய்வதற்கு இணையாக வந்தது.

என்ன மாறியது? மேலாளர்களுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறை போனது, கார் நிறுத்தத் தனி இடம் போனது. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் என் கணிப்பில் முக்கியமான மாற்றம் ஒரு கயிறு.

லைன் நெடுகத் தலைக்கு மேலே அந்தக் கயிறு ஓடும். ஒரு தொழிலாளிக்கு ஒரு வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். போல்டின் மரை பிடிக்கவில்லை, உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்திக் கயிற்றை இழுக்கிறார். ஒரு பாட்டு ஒலிக்கிறது, பலகையில் அவர் இடத்துக்கான விளக்கு எரிகிறது. லைன் உடனே நிற்பதில்லை. அவரைச் சேர்ந்த சின்னக் குழுவின் தலைவர் ஓடி வருகிறார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இருவரும் சரிசெய்துவிட்டால் மறுபடி இழுக்கிறார்கள், பாட்டு நிற்கிறது, லைன் ஓடுகிறது. முடியாவிட்டால் லைன் நிற்கும்.

பழைய ஃப்ரீமான்டில் லைனை நிறுத்தினால் வேலையே போகலாம். இங்கே ஓடி வந்தவர் கேட்டது, “என்ன சிக்கல்?” என்று மட்டும்தான். இதுதான் நான் சொல்ல வந்தது. அனுமானம் மேலாளரின் மனத்துக்குள் இருக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் தப்பைக் காட்டிக் கொடுத்த அடுத்த பத்து நொடியில் சூப்பர்வைசர் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதில் அது வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நும்மி தளர்வான இடம் அல்ல. ஒவ்வோர் அசைவும் எழுதி வைக்கப்பட்டது, எந்தக் கையால் எதை எடுப்பது என்பது வரை. ஆனால் பழைய தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சோடு வந்து நேரம் குறித்தவர்கள் இன்ஜினியர்கள், அப்படி 80 பேர் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் தொழிலாளி கை மெதுவாகும். எங்கள் லேத் பிரிவில் நடந்த அதே கதை. நும்மியில் ஸ்டாப்வாட்ச் தொழிலாளியின் கைக்கே போனது. குழுவில் ஒருவர் செய்வதை மற்றவர் நேரம் பார்த்து, சுலபமான முறையை அவர்களே எழுதினார்கள். அளவுகோல் அதேதான், பிடித்திருக்கும் கை வேறு.

ஒய் என்பது தளர்வு அல்ல என்பதை மெக்ரெகரும் சொந்த அனுபவத்தில் கற்றவர்தான். 1948 முதல் 1954 வரை ஆண்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆலோசகர் மாதிரி இருந்துகொண்டே நடத்திவிடலாம், முதலாளியாக நடக்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் போனார். தலைமையில் இருப்பவர் அதிகாரத்தைக் கையில் எடுக்காமல் தப்பிக்க முடியாது என்று, விலகும்போது அவரே எழுதினார். ஒய் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

கயிறு மட்டும் போதுமா? போதாது. அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வேறொரு தொழிற்சாலை இருந்தது. அங்கேயும் குழு முறையைக் கொண்டு வந்தார்கள், கயிறும் கட்டினார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்துத்தான் அங்கே சூப்பர்வைசரை மதிப்பிட்டார்கள். தொழிலாளி இழுத்தால் சூப்பர்வைசருக்கு நஷ்டம். இழுக்க விடுவாரா? அந்தத் தொழிற்சாலை 1992-ல் மூடப்பட்டது. சூப்பர்வைசரையே எக்ஸ் முறையில் நடத்திக்கொண்டு, அவர் மட்டும் கீழே ஒய் முறையில் நடக்க வேண்டும் என்றால் நடக்காது.

அடுத்தது வேலைப் பாதுகாப்பு. சுலபமான முறையைக் கண்டுபிடித்தால் ஒரு ஆள் குறைப்பார்கள் என்ற பயம் இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? நிறுவனத்தின் நிலையே ஆட்டம் கண்டாலொழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படி வந்தாலும் முதலில் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம் என்று நும்மியின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 1980-களின் கடைசியில் விற்பனை விழுந்தபோது சோதனை வந்தது. யாரையும் வெளியே அனுப்பவில்லை. மிஞ்சிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பராமரிப்பு வேலை கொடுத்தார்கள். கயிற்றை நம்பியவர்கள் அதற்குப் பிறகு இன்னும் நம்பினார்கள்.

நும்மியிலும் குறை உண்டு. நிமிடத்தில் ஒரு நொடிகூட வீணாகாமல் இறுக்கினால் உடம்பு தாங்காது என்று யூனியனுக்குள்ளேயே ஒரு சாரார் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. பொறுப்பைத் தேடும் மனிதனுக்கும் தோள்பட்டை வலிக்கும். அவன் மனத்தை நம்புவதாகச் சொல்லிவிட்டு அவன் உடம்பின் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது.

என் கடைசல்காரரிடம் வருகிறேன். நோட்டைக் கிழித்தேன், கேஜைப் பூட்டிலிருந்து எடுத்து அவரவர் மெஷின் பக்கத்திலேயே வைத்தேன். தங்கள் பீஸைத் தாங்களே பார்த்து ஒதுக்கலாம் என்றேன். மூன்று நாள் யாரும் எதையும் ஒதுக்கவில்லை, என்னைத்தான் கவனித்தார்கள். நான்காம் நாள் அந்தப் பெரியவர் இரண்டு ஷாப்டைத் தனியாக வைத்துவிட்டு, “பேரிங் உக்கார்ற எடத்துல அளவு கொறையுதுங்க தம்பி, டூல் தேஞ்சிருச்சு” என்றார். எனக்குக் கோபம் வந்தது, வெளியே காட்டவில்லை. புது டூல் வாங்கி வந்து கொடுத்தேன்.

எண்ணிக்கை ஏறியதா என்று கேட்பீர்கள். உடனே ஏறவில்லை, பழைய 40-க்குத் திரும்பி அங்கேயே நின்றது. கணக்கை உயர்த்த மாட்டோம் என்று மேலிடத்தில் எழுத்தில் கேட்டேன். ஆறு மாதத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதம் 46 வந்தது. ஏழாவது மாதம் கணக்கை 46 ஆக்கினார்கள். அதற்கு அடுத்த வாரமே கேஜைத் தொட ஆளில்லை, தேய்ந்த டூலைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவுமில்லை.

நன்றி, வணக்கம்.