காதை இழுத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே காத்திருந்தபோது என் பக்கத்தில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் காதுக்குள் விட்டுச் சுழற்றினார். கண்கள் பாதி மூடிக்கொண்டன. பேச்சு நின்றுவிட்டது. பிறகு லேசாக இருமினார். நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவன். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இருமலுக்கும் காரணம் உண்டு. மூளையிலிருந்து தொண்டை, நெஞ்சு, வயிறு என்று இறங்கிப் போகும் ஒரு நீண்ட நரம்பின் சிறு கிளை காதுக்குழாய்க்கும் வருகிறது. அதனால்தான் சிலருக்குக் காதைக் குடைந்தால் இருமல் வருகிறது.

இன்று நான் பேச வந்தது காது அரிப்பைப் பற்றி. அரிக்கிறது, குடைந்தால் வெள்ளைச் செதில் வருகிறது, சில நாள் வலிக்கவும் செய்கிறது. இது வெறும் தோல் வறட்சியா, புண்ணா? இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்யுங்கள். முதலில் தொந்தரவு இல்லாத காது. மடலைப் பிடித்து மெதுவாக மேலும் பின்னுமாக இழுங்கள். அடுத்து, காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சிறு குருத்து மேடு இருக்கிறதே, அதை விரலால் உள்நோக்கி அழுத்துங்கள். வலிக்காது. இப்போது அரிக்கிற காதிலும் அதையே செய்யுங்கள். இங்கேயும் வலிக்கவில்லையா? பெரும்பாலும் அது தோல் சமாசாரம். சுரீரென்று வலித்ததா? காதுக்குழாயின் தோலில் புண்ணோ கட்டியோ வந்திருக்கிறது.

இழுத்தால் ஏன் வலிக்கிறது? காதுக்குழாய் ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. மடலில் இருக்கும் அதே குருத்தெலும்புதான் உள்ளே தொடர்கிறது. ஆகவே மடலை இழுத்தால் குழாயும் சேர்ந்து அசையும். அங்கே தோலுக்கு அடியில் மெத்தை மாதிரி கொழுப்பு கிடையாது. தோல் குருத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. வீங்க வேண்டுமென்றால் இடம் இல்லை. இடமில்லாத இடத்தில் வீக்கம் வந்தால், தொட்டாலே உயிர் போகிற வலிதான். சளி பிடித்த குழந்தைக்கு நள்ளிரவில் வருகிற காதுவலி வேறு. அது செவிப்பறைக்குப் பின்னால், எலும்புக் கூட்டுக்குள் வருவது. மடலை இழுத்தால் அந்த இடம் அசையாது, அதனால் வலி கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: இழுத்தால் வலி கூடுகிறதா, இல்லையா? இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையற்காரரின் கதையைச் சொன்னால் மீதி விளங்கிவிடும். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு வந்தார். மூன்று இரவாகத் தூக்கமில்லை, அந்தப் பக்கம் தலையணையில் வைக்க முடியவில்லை, சோறு மென்றாலும் வலி. நான் விளக்கை எடுப்பதற்கு முன் மடலை லேசாகத் தொட்டு இழுத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். உள்ளே பார்த்தால் குழாய் வீங்கி, ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஈரமாக, சாம்பல் நிறக் கசடு. வலது காதையும் பார்த்தேன். அதில் வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் உலர்ந்த செதில், உமி மாதிரி.

“இதில் எத்தனை நாளாக அரிப்பு?” என்றேன்.

“அது ஏழு வருஷமாக இருக்கிறது ஐயா. அது ஒன்றும் இல்லை” என்றார்.

அது ஒன்றும் இல்லையாம்! ஏழு வருடக் கதையே அதில்தான் இருந்தது. சட்டைக் காலரில் ஓர் ஊக்கு குத்தியிருந்தார். அது துணிக்கு மட்டும் இல்லை.

வீங்கிய குழாய்க்குள் சொட்டு மருந்து இறங்காது. அதனால் கசடை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு திரியை வைத்தேன். திரி என்றால் விளக்குத் திரி மாதிரிதான். மருந்தை உறிஞ்சி உப்பிக்கொண்டு, அதை உள்ளே வரை கொண்டுபோகும். கிருமியைக் கொல்லும் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டு மருந்து. இரண்டு நாளில் வீக்கம் வற்றித் திரி தளர்ந்தது, எடுத்துவிட்டேன். சொட்டு மருந்தை மட்டும் பத்து நாள் வரை தொடரச் சொன்னேன். மாத்திரை கொடுக்கவில்லை. அவருக்கு அதில் வருத்தம். ஆனால் இந்த நோயில், புண் குழாயைத் தாண்டிப் பரவாதவரை, வாய்வழியாகப் போகும் மாத்திரையைவிடப் புண்ணின் மேலேயே விழுகிற சொட்டு பல மடங்கு வலிமையானது.

பதினைந்து நாள் கழித்து வந்தார். வலி போயே போய்விட்டது, ஆனால் அரிப்பு அப்படியே இருக்கிறது, மருந்து சரியில்லை என்றார். மருந்து சரியாகத்தான் இருந்தது. புண் ஆறியதும் அதற்கு முன்பே இருந்த நோய் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். புருவத்தைப் பார்த்தேன், செதில். மூக்கோரத்து மடிப்பில் சிவப்பு. தலையைக் குனியச் சொன்னேன், பொடுகு. காதுக்குள்ளே இருந்ததும் அதே பொடுகுதான்!

வறட்சியும் புண்ணும் இரண்டு நோய்கள் என்று நினைக்கிறோம். பல பேரிடம் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் கதவு திறக்கிறது. தோல் வறண்டு செதில் விடுகிறது, அரிக்கிறது. ஊக்கு, சாவி, கொண்டை ஊசி, கோழி இறகு, எது கைக்குக் கிடைக்கிறதோ அதால் குடைகிறோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. தலைக்குக் குளித்த தண்ணீர் அங்கே தங்குகிறது. கிருமி குடியேறுகிறது. புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால் வலி போகும், அரிப்பு போகாது, குடைவது தொடரும், மூன்று மாதத்தில் மறுபடி புண். தையற்காரருக்கு ஏழு வருடமாக நடந்தது இந்தச் சுற்றுதான்.

கடைகளில் விற்கும் பஞ்சுக் குச்சியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள், நீங்கள் வானொலியை அணைக்காமல் இருந்தால் சரி. குறும்பி என்பது அழுக்கு இல்லை. குழாயின் வெளிப்பகுதியில் உள்ள சுரப்பிகள் சுரக்கிற பிசின் அது. தோலுக்கு எண்ணெய்ப் பசை தருகிறது, லேசான புளிப்புத்தன்மையால் கிருமியைத் தடுக்கிறது. காதுக்குழாயின் தோலோ, செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக, நகம் வளர்கிற வேகத்தில் தானே நகர்ந்து வருகிறது. பழைய குறும்பியை அது சுமந்துகொண்டு வந்து வாசலில் போட்டுவிடும். நாம் பஞ்சுக் குச்சியை விட்டுப் பாதியைத் துடைத்து எடுக்கிறோம், மீதியை உள்ளே இடிக்கிறோம். துடைத்த இடம் வறண்டு அரிக்கிறது. அரித்ததும் மறுபடி குச்சி. பஞ்சில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்து ஒரு திருப்தி வேறு!

தையற்காரருக்குப் பிறகு செய்தது சிறியதுதான். தலைப் பொடுகுக்குக் கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை. காதுக்கு ஸ்டீராய்டு சொட்டு, சில நாள் மட்டும். ஊக்கைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மனைவி விடவில்லை. “தூக்கத்தில் சுண்டுவிரலை விட்டுக் குடைகிறார் டாக்டர்” என்றார். பார்த்தால் அந்த ஒரு விரலில் மட்டும் நகம் நீளம். அதையும் வெட்டச் சொன்னேன்.

எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாத வீடு உண்டா? கீறலில்லாத வறண்ட தோலில் ஒரு சொட்டு எண்ணெய் சற்று நேரம் இதம் தரும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே புண்ணா, பூஞ்சையா, செவிப்பறையில் ஓட்டையா என்று உங்களுக்குத் தெரியாது. ஈரத்தையும் கசடையும் எண்ணெய் மூடிவைத்துவிடும். சூடு கூடினால் வெந்தும் போகும். இழுத்தால் வலிக்கிற காதில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஓர் ஆசிரியை வந்தார். சொட்டு போடப் போட அரிப்பு கூடியது. காதுத் துளையிலிருந்து மடலின் அடி வழியாகக் கழுத்துவரை ஒரு சிவந்த கோடு, நீர் கசிந்துகொண்டிருந்தது. மருந்து வழிந்த பாதையிலேயே அந்தக் கோடு! அதில் இருந்த நியோமைசின் அவருக்கு ஒவ்வவில்லை. நிறுத்தியதும் ஆறியது. சொட்டு போட்டு அரிப்பு கூடினால் இன்னும் இரண்டு சொட்டு போடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள், முக்கியமாக வயதானவர்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள். உங்களுக்குக் காதுக்குழாய்ப் புண் எலும்புக்குள் இறங்கக்கூடும். சூடோமோனாஸ் என்ற கிருமி செய்கிற வேலை அது. காதில் தெரிவதைவிட வலி அதிகமாக இருக்கும், ஆழமாக, இரவில் கூடுகிற வலி. வாரக்கணக்கில் சொட்டு போட்டும் சீழ் நிற்காது. முகம் ஒரு பக்கம் கோணினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அந்த அளவுக்கு விடாமல், வலி தொடங்கிய உடனே காட்டுங்கள். குறும்பி எடுக்க வேண்டியிருந்தால், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு கணக்கு: மருந்து தொடங்கி மூன்று நாளில் வலி குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையவில்லையென்றால் திரும்ப வாருங்கள். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினால் அன்றே வாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். பூஞ்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அரிப்பு தாங்க முடியாமல் இருக்கும், காது அடைக்கும். உள்ளே நனைந்த செய்தித்தாள் போல, சில சமயம் கறுப்புப் புள்ளிகளோடு. கிருமிக்கான சொட்டை வாரக்கணக்கில் போட்டவர்களுக்கு இது வரும். அதற்கு மருந்தே வேறு, முதலில் சுத்தம் செய்தாக வேண்டும்.

கடைசியாகச் சொட்டு போடும் முறை. பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பிடித்து வெதுவெதுப்பாக்குங்கள், குளிர்ந்த மருந்து விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுங்கள். சொட்டியதும் முன்சொன்ன குருத்து மேட்டை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி விடுங்கள், மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதுத் துளையின் வாயில் மட்டும் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். மீதி மருந்தை அடுத்த தடவைக்கென்று அலமாரியில் வைக்க… சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. வைக்க வேண்டாம். வணக்கம்.