பத்தில் ஒரு பங்கு வினாடி

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் பெரியவர்களை வரவேற்புரையிலேயே முறையாக அழைத்தாகிவிட்டது, நான் திரும்பவும் பட்டியல் வாசிக்கப் போவதில்லை. எனக்குக் கொடுத்த வேலை இரண்டுதான். இந்த வருட சிம்போசியத்தின் மையப்பொருள் என்ன என்று சொல்ல வேண்டும், இதை நடத்துகிற பிள்ளைகள் யார் என்று காட்ட வேண்டும்.

மையப்பொருள் பின்னால் பேனரில் இருக்கிறது: ‘சேரும் பிழை’. வழக்கமாக அந்த இடத்தில் ‘வருங்காலத் தொழில்நுட்பங்கள்’ மாதிரி ஏதாவது இருக்கும், அதற்குள் எந்தக் கட்டுரையையும் நுழைத்துவிடலாம், யாருக்கும் வம்பில்லை. இந்த முறை மாணவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை நடந்தால் கண்ணுக்கே தெரியாத பிழை, அதே திசையில் லட்சம் தடவை நடந்தால் என்ன ஆகிறது, அதை மட்டும் பேசலாம் சார் என்றார்கள். சரி என்றேன்.

அவர்கள் எடுத்துவந்த உதாரணம் பழையது. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர் நேரம், சவூதி அரேபியாவில் இருக்கும் தஹ்ரான் (ஈரான் தலைநகரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). வருகிற ஏவுகணையை வானத்திலேயே தடுக்க அங்கே பேட்ரியாட் என்ற அமைப்பு நின்றுகொண்டிருந்தது. அன்று ஒரு ஸ்கட் ஏவுகணை வந்தது, பேட்ரியாட் அதன் மீது எதையும் ஏவவே இல்லை. படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் அது விழுந்து 28 பேர் இறந்தார்கள்.

ரேடார் உடைந்திருக்கவில்லை, யாரும் தூங்கிவிடவும் இல்லை. அந்தக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வினாடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை முழு எண், அதில் பிழை கிடையாது. அதை வினாடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். நமக்கு 0.1 என்பது சுத்தமான எண். பைனரியில் அது 0.000110011001100... என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும், மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி எங்கேயாவது நிறுத்துவது போல. அந்தக் கணினிக்கு இருந்தது 24 பிட், மிச்சத்தை வெட்டிவிட்டது. இதே சேதியை உங்கள் மடிக்கணினியிலும் பார்க்கலாம், பைத்தானைத் திறந்து தட்டினால் போதும்:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
```

பேட்ரியாட்டில் வெட்டுப்பட்டது சுமார் 0.000000095. இதைப் போய் யார் கவனிப்பார்கள்? ஆனால் தஹ்ரானில் அந்தக் கணினி அணைக்கப்படாமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு ஒரு டிக், 100 மணி என்றால் 36 லட்சம் டிக். பெருக்கிப் பாருங்கள், 0.34 வினாடி வரும். ஸ்கட் வினாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வருகிறது, அப்படியானால் அந்த 0.34 வினாடிக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். ரேடார் ஒரு பொருளை ஒருமுறை பார்த்ததும், அடுத்து அது எங்கே இருக்கும் என்று கணக்குப்போட்டு, வானத்தில் அந்தச் சின்னச் சன்னலுக்குள் மட்டும் தேடும். தேடியது, அங்கே ஒன்றும் இல்லை, முதலில் பார்த்தது பொய் எதிரொலி என்று விட்டுவிட்டது.

கட்டுரைத் தேர்வுக் குழுவின் தலைவியை இங்கேதான் அறிமுகப்படுத்த வேண்டும். முன்வரிசையில் நீலக் கோப்போடு உட்கார்ந்திருக்கிறாரே, மூன்றாம் ஆண்டு, அவர்தான். (பேச்சு எழுத்தில் வரும்போது யார் பெயரும் போட வேண்டாம் என்று மொத்தக் குழுவும் கேட்டுக்கொண்டது, அதனால் வேலையைச் சொல்லியே காட்டுகிறேன்.) நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் விடாமல் ஒரு கேள்வி கேட்டார். “சார், ஏவுகணை எங்கே இருக்கும் என்று கணக்கிட இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம்தானே வேண்டும்? இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் கழிக்கும்போது அடிபட்டுப் போய்விடாதா?”

அடிபட்டுத்தான் போக வேண்டும். போகாததற்குக் காரணம், நிரலை ஏற்கெனவே ஒருமுறை பாதி திருத்தியிருந்தார்கள். வேகமான ஏவுகணைகளுக்காக நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றும் ஒரு துணைநிரலைச் சேர்த்து, தேவையான இடங்களில் சிலவற்றில் மட்டும் போட்டார்கள், சில இடங்களில் விட்டுப்போயிற்று. இப்போது ஒரு நேரம் புதுக் கணக்கு, இன்னொன்று பழைய கணக்கு, கழித்தால் மொத்தப் பிழையும் அப்படியே நிற்கிறது. ஒன்றுமே திருத்தாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது! எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இதுதான். முழுத் திருத்தம் பிப்ரவரி 16 அன்றே அனுப்பப்பட்டது, தஹ்ரானுக்கு வந்துசேர்ந்தது 26ஆம் தேதி. இடையில் 21ஆம் தேதி ஒரு எச்சரிக்கையும் போயிற்று, ‘மிக நீண்ட நேரம்’ ஓடவிட்டால் சன்னல் நகரும் என்று. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. ஓரிரு நிமிடம் எடுத்து அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு தேர்வுக் குழு ஒரு விதி போட்டது. கட்டுரை படிப்பவர் ஒவ்வொருவரும் தன் அளவீட்டில் பிழை எங்கே நுழைகிறது, அது கூடுகிறதா அல்லது ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதா என்று ஒரு பக்கம் காட்டியாக வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினார்கள். என் மாணவர் ஒருவருடையதும் திரும்பி வந்தது, சிபாரிசு எடுபடவில்லை.

அடுத்து நேரக் குழு, இரண்டாம் ஆண்டுப் பையன்கள் மூன்று பேர். மேடை ஓரத்தில் சிவப்பு எண்கள் ஓடுகிறதே, அது அவர்களே செய்த போட்டிக் கடிகாரம். முதல் ஒத்திகையில் அது 30 நிமிடம் முடிந்தது என்று காட்டியபோது கைப்பேசியில் 30 நிமிடம் 36 வினாடி ஆகியிருந்தது. கிரிஸ்டல் சரியில்லை, புது போர்டு வாங்கலாம் என்று ஒருவன் கிளம்பினான். இன்னொருவன் பொறுமையாக அளந்தான்: 10 நிமிடத்தில் 12 வினாடி, 20 நிமிடத்தில் 24. சீராகக் கூடுகிறது என்றால் ஒவ்வொரு டிக்கிலும் கொஞ்சம் திருட்டுப் போகிறது. 30 நிமிடத்துக்கு 18,000 டிக், 36 வினாடியை அதில் பங்குபோட்டால் டிக்குக்கு 2 மில்லிவினாடி. அப்புறம் நிரலைப் பார்த்தால், 100 மில்லிவினாடி காத்திருந்து ஒன்றைக் கூட்டுகிறது, அதற்குமேல் எண்களைத் திரையில் எழுத ஆகும் 2 மில்லிவினாடி யார் கணக்கிலும் இல்லை. இப்படி மாற்றினார்கள்:

```
// முன்பு
delay(100); ticks++; show(ticks);

// இப்போது
ticks = (millis() - start) / 100;
show(ticks);
```

எண்ணிக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஆரம்பித்த நேரத்திலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறது. 36 வினாடி 3 வினாடியாகக் குறைந்துவிட்டது. அந்த 3 வினாடி போர்டின் சொந்தக் கடிகாரத்தில் இருக்கிற பிழை, நிரலால் அதைத் தொட முடியாது, அதை மறைக்காமல் போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

பிழை கண்டுபிடிக்கும் போட்டியை நடத்துபவர்கள் இறுதி ஆண்டு மாணவிகள் இருவர். போர்டில் அவர்கள் வைத்திருக்கும் பிழை எதுவும் பவர் போட்டவுடன் தெரியாது, கொஞ்ச நேரம் ஓடவிட்டால்தான் தலைகாட்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். மேலே என்னிடமும் சொல்லவில்லை. வரவுசெலவு பார்க்கும் தம்பி மண்டபத்திலேயே இல்லை, ரசீது வாங்கப் போயிருக்கிறான், வந்ததும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு இதே அரங்கில், போட்டி மாடியில் 11 மணிக்கு. எந்த கடிகாரப்படி என்று கேட்காதீர்கள், அந்தச் சிவப்பு எண்கள்தான், 3 வினாடி முன்பின்னாக.