மலிவுப் பங்குகளைச் சலித்தெடுக்க ஒன்பது புள்ளிகள்

வணக்கம் நேயர்களே. சிமெந்து லொறி தினமும் கண்முன்னே போகிறது என்பதற்காக அந்தக் கம்பனியின் பங்கை வாங்குபவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். ஆலை ஓடுவது தெரிகிறது, சரி. அதன் கணக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஆண்டறிக்கையில்தான் பார்க்கவேண்டும். அதற்கு ஜோசப் பியோட்ரொஸ்கி என்ற கணக்கியல் பேராசிரியர் 2000ஆம் ஆண்டில் ஒரு எளிய வழி சொன்னார். ஒன்பது கேள்விகள். ஆம் என்றால் ஒரு புள்ளி, இல்லை என்றால் பூச்சியம்.

இது எல்லாப் பங்குகளுக்கும் என்று சொல்லப்பட்டதல்ல. சொத்திலிருந்து கடனைக் கழித்தால் கணக்கில் மிஞ்சும் ஏட்டுப் பெறுமதியோடு ஒப்பிட்டால் மிக மலிவாக விற்கும் ஐந்தில் ஒரு பகுதிக் கம்பனிகளை முதலில் ஒதுக்கி எடுத்து, அவற்றுக்குத்தான் அவர் புள்ளி போட்டார். மலிவான பங்குகளில் பாதிக்கு மேல் மலிவாய்க் கிடக்கக் காரணம் உண்டு. அவற்றைக் கழிக்கத்தான் இந்தச் சல்லடை. வங்கி, நிதிக் கம்பனி, காப்புறுதி மூன்றையும் முதலிலேயே விட்டுவிடுங்கள். கடன் வாங்குவதே அவற்றின் தொழில் என்பதால் கேள்விகள் பொருந்தாது.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தச் சொத்து 1,100 மில்லியன் ரூபாய். ஆண்டு இலாபம் 77 மில்லியன், அதாவது 7 சதவீதம். போன வருடம் இது 6 சதவீதம். இலாபம் உண்டு, ஒரு புள்ளி. விகிதம் கூடியிருக்கிறது, இன்னொன்று. காசுப்பாய்ச்சல் கூற்றில் தொழிற்பாட்டு நடவடிக்கைகளால் வந்த தேறிய காசு 41 மில்லியன். அது பூச்சியத்துக்கு மேல், மூன்றாவது புள்ளி. நான்காவது கேள்வி: வந்த காசு இலாபத்தைவிட அதிகமா? 41 எங்கே, 77 எங்கே. பூச்சியம்.

ஒன்பதில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் நான் இதைத்தான் பார்ப்பேன். மீதி 36 மில்லியன் எங்கே போனது? நிதிநிலைமைக் கூற்றைத் திருப்பினால் வியாபார வருமதி 150இலிருந்து 205 மில்லியனுக்கு ஏறியிருக்கிறது. சரக்கைக் கடனுக்குக் கொடுத்து இலாபம் எழுதியிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தபோது, டொலர் வைத்திருந்த ஏற்றுமதிக் கம்பனிகள் பலவற்றின் இலாபத்தில் நாணயமாற்று இலாபமும் சேர்ந்து வீங்கியது. காணி மதிப்பு கூடியதை இலாபமாக எழுதுவதும் இப்படித்தான். இவற்றையெல்லாம் இந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுக்கும்.

அடுத்த மூன்று, கடன் பக்கம். நீண்டகாலக் கடன் சொத்தோடு ஒப்பிட்டால் குறைந்ததா? 300 மில்லியன் 280 ஆகியிருக்கிறது, சொத்து வளர்ந்திருக்கிறது, ஒரு புள்ளி. நடைமுறை விகிதம், அதாவது ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வருடத்துக்குள் காசாகக்கூடிய சொத்து எவ்வளவு என்பது, கூடியதா? 1.5 இருந்தது 1.4 ஆகிவிட்டது, பூச்சியம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 20 மில்லியன் கட்டித் தீர்க்கப்படவில்லை. ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய தவணையாகி நடைமுறைப் பொறுப்புக்கு நகர்ந்திருக்கிறது. கடன் குறைந்ததற்குக் கிடைத்த புள்ளி வெறும் கோது. மூன்றாவது கேள்வி, புதிய பங்கு வெளியிடாமல் இருந்தார்களா? நமது கம்பனி வெளியிடவில்லை, ஒரு புள்ளி. இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்கை விற்கும் உரிமை வழங்கல் மூலம் பணம் திரட்டியிருந்தால் அது போய்விடும். பங்குப் பிரிப்பில் பங்கு எண்ணிக்கை மட்டுமே பெருகும், பணம் வராது; அதற்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள்.

கடைசி இரண்டு, திறன். விற்பனையில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் மொத்த இலாப விகிதம் 22இலிருந்து 21 சதவீதத்துக்கு இறங்கியது, பூச்சியம். தொடக்கச் சொத்தில் ஒரு ரூபாய்க்கு 90 சதம் விற்றவர்கள் இப்போது 92 சதம் விற்கிறார்கள், ஒரு புள்ளி. ஆக மொத்தம் ஆறு. அந்தக் கோதுப் புள்ளியைத் தள்ளினால் ஐந்து.

எட்டும் ஒன்பதும்தான் பியோட்ரொஸ்கிக்கு உயர்ந்த புள்ளி. கொழும்புச் சந்தையில் இருப்பது முந்நூறுக்கும் குறைந்த கம்பனிகள். அதில் ஐந்தில் ஒரு பகுதியை எடுத்து, எட்டுக்கு மேல் மட்டும் என்று நின்றால் கூடை வெறுமையாகலாம். ஏழில் நிறுத்துவது தாராளமல்ல என்பது என் கருத்து. ஆறு எடுத்த நமது கம்பனி உள்ளே வராது.

இன்னொரு சிக்கல். ஒரு கம்பனி போன வருடக் கடைசியில் காணிகளை மறுமதிப்பீடு செய்திருந்தால் இந்த வருடத் தொடக்கச் சொத்து திடீரென்று பெருத்திருக்கும். வியாபாரம் அப்படியே இருக்க, இலாப விகிதமும் விற்பனை விகிதமும் இறங்கி இரண்டு புள்ளிகள் பறிபோகும். நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ கடற்கரைக் காணி வைத்திருக்கும் ஹோட்டல் கம்பனிகளில் இதைக் கவனியுங்கள். மறுமதிப்பீட்டுத் தொகை நிதிக்கூற்றுக் குறிப்புகளில் இருக்கும். அதைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

மார்ச் 31இல் கணக்கு முடித்த கம்பனியின் ஆண்டறிக்கை கைக்கு வர மாதங்கள் ஆகும். பியோட்ரொஸ்கியும் நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதத்திலிருந்துதான் பங்கின் வருவாயை அளந்தார். எனவே ஏப்ரலில் அவசரப்படாமல் செப்டெம்பரில் உட்கார்ந்து புள்ளி போடுங்கள். அடுத்த செப்டெம்பரில் புதிய அறிக்கைகளை வைத்து முழுக் கூடைக்கும் திரும்பப் போட்டு, ஏழுக்குக் கீழே இறங்கியதை விற்றுவிடுங்கள். வணக்கம்.