வீட்டுக்காரப் பாட்டிக்கு ஒரு நன்றிக் கடிதம்: கடைசி வரியில் ‘யொரொஷிக்கு’

வணக்கம். இன்று வெளியே எங்கும் போகவில்லை. காமிரா மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் கடிதத் தாள், ஒரு கறுப்புப் பேனா, ஒரு வெள்ளை உறை. கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன், மேலிருந்து கீழாகக் கோடு போட்ட தாள் இது. இதில் என் வீட்டுக்காரப் பாட்டிக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, நான்காவது முறை சரியாக வந்தது. அதில் இரண்டு முறை கிழித்ததற்குக் காரணம் ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் எடொகாவா பகுதியில் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தில் மேல் வீடு எனக்கு, கீழ் வீட்டில் உரிமையாளர். ஜப்பானில் வீட்டு உரிமையாளரை ‘ஓயா-சான்’ என்பார்கள். ஜனவரி கடைசியில், குளிர் கடுமையாக இருந்த ஒரு இரவில், ‘கியூத்தோக்கி’ நின்றுவிட்டது. எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கருவி அது, நம் ஊர் கீசர் மாதிரி. பழுது பார்க்க வந்தவர் உதிரிப் பாகம் வர நான்கு நாள் ஆகும் என்றார். அந்த நான்கு நாளும் பாட்டி என்னைக் குளிரில் விடவில்லை. முதல் நாளே பக்கத்துத் தெருவில் இருக்கும் பொதுக் குளியலகத்துக்குக் கூட்டிப்போய், எங்கே செருப்பை வைப்பது, உள்ளே எப்படி உட்கார்ந்து கழுவுவது என்று காட்டிக்கொடுத்தார். தினமும் காலையில் ஒரு பெரிய குடுவை வெந்நீர் என் கதவருகே இருந்தது.

கருவியைப் பழுது பார்த்துத் தருவது உரிமையாளரின் கடமை. ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 606ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆனால் காலையில் வெந்நீர்க் குடுவை வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் நன்றி அந்தக் குடுவைக்கு. கடிதத்திலும் அதுதான் முன்னே நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

எழுதியதை இப்போது தமிழில் வாசிக்கிறேன்.

“ஹாய்க்கெய். நாட்காட்டிப்படி வசந்தம் வந்துவிட்டது, ஆனாலும் குளிர் தொடர்கிறது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அன்று வெந்நீர்க் கருவி பழுதானபோது தங்கள் அன்பான கவனிப்பைப் பெற்றேன். குளியலகத்துக்கு வழிகாட்டியதும், காலைதோறும் வெந்நீர் வைத்ததும் மனத்தைத் தொட்டன. தங்கள் தயவால் இப்போது வீட்டிலேயே வெந்நீரில் குளிக்கிறேன். குளிர் இன்னும் தொடர்வதால் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொங்கொ தொமொ யொரொஷிக்கு ஒநெகாய் இத்தாஷிமசு. கெய்கு.”

அதற்கு அடுத்த வரியில் தேதி, பிறகு தாளின் அடிப்பக்கமாக என் பெயர், கடைசியில் தாளின் மேற்பக்கமாக அவருடைய குடும்பப் பெயரும் ‘சாமா’ என்ற மரியாதை ஒட்டும். பெறுபவர் பெயர் மேலே, எழுதுபவர் பெயர் கீழே. மேலிருந்து கீழாக எழுதும் கடிதத்தில் அந்த இட வேறுபாடே வணக்கம் ஆகிவிடுகிறது.

தொடக்கத்தில் வந்த ‘ஹாய்க்கெய்’யும் முடிவில் வந்த ‘கெய்கு’வும் ஜோடி. பணிவுடன் தொடங்குகிறேன், பணிவுடன் முடிக்கிறேன் என்பது போல. ஒன்று இருந்தால் மற்றது இருந்தே ஆக வேண்டும். ‘ஸென்ர்யாக்கு’ என்று இன்னொரு தொடக்கம் உண்டு, ‘முன்னுரையை விட்டுவிடுகிறேன்’ என்று பொருள். பருவத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, வேலை சுருக்கமாக முடியும். என் முதல் பிரதி அப்படித்தான் தொடங்கியது. வயதில் மூத்தவருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் அது அவசரமாகத் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். கிழித்த முதல் தாள் அது.

இப்போது அந்தக் கடைசி வரி. ‘யொரொஷிக்கு ஒநெகாய்ஷிமசு’. நான் எழுதியிருக்கும் ‘இத்தாஷிமசு’ அதன் இன்னும் பணிவான வடிவம். சொல்லிப் பாருங்கள். முடிவில் வரும் ‘சு’வை முழுதாக ஒலிக்க வேண்டாம். ‘அரசு’ என்னும்போது கடைசி உகரம் எப்படிக் குறுகுகிறதோ, அதைவிடவும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். குற்றியலுகரம் பழகிய நாக்குக்கு இது சிரமமே இல்லை. குறில் எகரமும் ஒகரமும் நம்மிடம் இருப்பதால் மீதி எழுத்துகளும் அப்படியே பொருந்துகின்றன.

‘ஒநெகாய்’ என்றால் வேண்டுகோள். ‘ஷிமசு’ என்றால் செய்கிறேன். இவ்வளவும் சேர்ந்தால் ‘வேண்டிக்கொள்கிறேன்’. ‘யொரொஷிக்கு’ என்பது ‘நன்றாக, தக்கபடி’ என்னும் வினையடை. பழைய ஜப்பானிய மொழியில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையே நான்கு படிகள் இருந்தன: யொஷி, யொரொஷி, வரொஷி, அஷி. முதலாவது மிக நல்லது, கடைசி மிகக் கெட்டது. நம் சொல் பிறந்தது இரண்டாம் படியில். உச்சமான நன்மை இல்லை, குறை சொல்ல முடியாத, பொருத்தமான நன்மை. அந்த அடக்கம் இன்றைய வணக்கச் சொல்லிலும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மிகச் சிறந்ததைக் கேட்கவில்லை, தக்கதைக் கேட்கிறது.

ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தக்கபடி வேண்டிக்கொள்கிறேன்’. எதை வேண்டிக்கொள்கிறேன்? அது வரியிலேயே இல்லை. வேண்டுகோள் இருக்கிறது, வேண்டும் பொருள் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது முன்னால் இருக்கும் வாக்கியங்கள். புதிதாகச் சந்தித்தவரிடம் பெயரைச் சொல்லிவிட்டுச் சொன்னால் ‘நம் பழக்கம் நன்றாக அமையட்டும்’. அலுவலகத்தில் ஒரு வேலையைக் கையில் கொடுத்துச் சொன்னால் ‘இதைச் செய்து முடியுங்கள்’. அதே சொற்கள்தான்.

நம் மொழியில் மிக அருகில் வருவது ‘பார்த்துச் செய்யுங்கள்’. அதிலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை, கேட்பவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் ‘பார்த்துச் செய்யுங்கள்’ ஒரு பக்கமாகவே போகும். கேட்டவர் பதிலுக்கு ‘நீங்களும் எனக்குப் பார்த்துச் செய்யுங்கள்’ என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். ஜப்பானியத்தில் பதில் அப்படியேதான் வருகிறது: ‘கொச்சிரா கொசொ’, அதாவது ‘அதை நானல்லவா சொல்ல வேண்டும்’. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் தங்களை ஒப்படைத்துக்கொள்கிறார்கள்.

என் இரண்டாம் பிரதி எப்படிக் கெட்டது என்று சொன்னால் அந்த வெற்றிடம் உங்களுக்கு நன்றாக விளங்கும். நன்றியெல்லாம் எழுதிவிட்டு, அப்படியே ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்துக்கொண்டேன்: ‘என் தபால் பெட்டியின் பூட்டு சரியாகத் திரும்பவில்லை.’ அதற்கு அடுத்த வரி யொரொஷிக்கு. வார இறுதியில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் தன்னார்வ ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பேனாவின் பின்பக்கத்தால் தபால் பெட்டி வரியை மறைத்துவிட்டு ‘வாசியுங்கள்’ என்றார். வாசித்தேன். பேனாவை எடுத்துவிட்டு ‘இப்போது வாசியுங்கள்’ என்றார். எனக்கே தெரிந்துவிட்டது. வரி மறைந்திருக்கும்போது யொரொஷிக்கு ‘இனியும் நாம் நல்லபடி இருப்போம்’ என்றது. மறைப்பை எடுத்ததும் ‘பூட்டைச் சரிசெய்யுங்கள்’ என்றது. அதற்கு முன்னால் எழுதிய நன்றி முழுவதும் பூட்டுக்குப் போட்ட அடித்தளம் போல ஆகிவிட்டது. பாட்டி வைத்த வெந்நீருக்கு நான் விலை கேட்டது போல இருந்தது, நெஞ்சு சுருக்கென்றது.

மூன்றாம் பிரதியில் பூட்டை எடுத்துவிட்டேன், ஆனால் நன்றியை யொரொஷிக்குவின் தலையில் ஏற்றிவிட்டேன். அதுவே நன்றியும் சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன். சொல்லாது. நடந்து முடிந்ததைத் தாங்குவது ‘ஒசெவா நி நரிமஷித்தா’, ‘உங்கள் கவனிப்பைப் பெற்றேன்’ என்று பொருள். அது இறந்தகாலம். யொரொஷிக்கு பார்ப்பது இனி வரும் நாளை. அதனால்தான் அதற்கு முன் ‘கொங்கொ தொமொ’, ‘இனிமேலும்’, சேர்கிறது. நன்றி ஒரு வாக்கியம், யொரொஷிக்கு வேறொரு வாக்கியம், இரண்டுக்கும் நடுவே அவர் உடல்நலம் பற்றிய வரி. இந்த வரிசையில் வைத்த பிறகுதான் கடிதம் மூச்சுவிட்டது.

இதே காரணத்தால், வீட்டைக் காலிசெய்து போகும்போது எழுதும் கடிதத்தில் ‘கொங்கொ தொமொ யொரொஷிக்கு’ என்று முடிக்காதீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் ‘இனிமேலும்’ என்று எதைச் சொல்வது? அங்கே ‘ஒசெவா நி நரிமஷித்தா’வே கடைசி வரியாக நிற்கட்டும். முன்பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். நன்றிக் கடிதத்தில் அதைச் சொல்லி யொரொஷிக்கு போட்டால், என் தபால் பெட்டி செய்ததை உங்கள் முன்பணமும் செய்யும்.

இந்தக் கடிதத்தை நான் முந்தாநாள் மாலையே கொடுத்துவிட்டேன். இங்கே காட்டியது ஒரு நகல். உரிமையாளர் கீழேயே இருப்பதால் நேரில் கொடுத்தேன். வீடு ஒரு நிர்வாக நிறுவனத்தின் கையில் இருந்து, உரிமையாளரின் முகவரி உங்களுக்குத் தெரியாவிட்டால், கடிதத்தை அந்த நிறுவனத்திடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கூடவே ஒரு சின்னப் பெட்டி பிஸ்கட் வைத்தேன். பெரிதாக எதுவும் வைக்க வேண்டாம், வாங்கியவர் பதிலுக்கு ஒன்று தர வேண்டிய கடன் அவர்மேல் ஏறிவிடும்.

பூட்டு விஷயத்தை நேற்று தொலைபேசியில் தனியாகச் சொன்னேன். பேச்சின் முடிவில் யொரொஷிக்கு ஒநெகாய்ஷிமசு என்றேன். ‘ஆகட்டும், ஆள் அனுப்புகிறேன்’ என்றார் பாட்டி. இன்று காலை குப்பை வைக்கும் இடத்தில் பார்த்தபோது அவர் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கடிதம் கிடைத்தது என்றும் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை நோக்கி நன்றாகக் குனிந்து, ‘கொச்சிரா கொசொ’ என்றார்.